இருப்பாய்வு டேலி ஆகவில்லையா? போட்டோவை வைத்துக்கொண்டு பிழையைத் தேடும் வழி

"அண்ணே, ரெண்டு நாளா பார்க்கிறேன், 1,200 ரூபாய் உதைக்குது" என்று ஒரு செய்தி, கூடவே கொஞ்சம் சாய்வாக எடுத்த ஒரு போட்டோ. அனுப்பியவன் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதும் தம்பி. மார்ச் 31-க்கான இருப்பாய்வு, அதாவது ட்ரையல் பேலன்ஸ், கோடு போட்ட நோட்டில் கையால் எழுதியது. இந்த மாதிரி போட்டோ எனக்கு வருஷக் கடைசியில் நிறைய வரும், பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து பரீட்சைக்கு முன்னால் வரும். எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான். வித்தியாசத்தைக் கண்டதும் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வித்தியாசத் தொகையே பாதி நேரம் தப்பு எங்கே என்று சொல்லிவிடும், அதை எப்படிக் கேட்பது என்பதைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

தம்பி அனுப்பிய பக்கத்தில் இருந்தது இதுதான்:

| கணக்கு | பற்று | வரவு |
|---|---|---|
| ரொக்கம் | 8,450 | |
| வங்கி | 41,300 | |
| தொடக்கச் சரக்கிருப்பு | 62,000 | |
| கொள்முதல் | 2,36,500 | |
| விற்பனைத் திருப்பம் | 4,200 | |
| சம்பளம் | 48,000 | |
| வாடகை | 36,000 | |
| உள்தூக்குக் கூலி | 3,650 | |
| கடனாளிகள் | 59,700 | |
| அறைகலன் | 45,000 | |
| எடுப்புகள் | 24,000 | |
| முதல் | | 1,50,000 |
| விற்பனை | | 3,52,400 |
| கடனீந்தோர் | | 58,700 |
| கொள்முதல் திருப்பம் | | 5,600 |
| அளித்த தள்ளுபடி | | 1,500 |
| பெற்ற தள்ளுபடி | | 1,800 |
| மொத்தம் | 5,68,800 | 5,70,000 |

அறிகுறி: நீங்கள் கூட்டினால் வரும் தொகையும் பக்கத்தில் எழுதியிருக்கும் மொத்தமும் வேறு வேறு

முதல் வேலை இதுதான், வேறு எதையும் யோசிக்காமல் இரண்டு பத்தியையும் போட்டோவிலிருந்து நீங்களே ஒரு தடவை கூட்டுங்கள். எனக்கு வரவுப் பக்கம் 5,70,000 சரியாக வந்தது. பற்றுப் பக்கம் 5,63,800 வந்தது, அவன் எழுதியிருந்ததோ 5,68,800. சரியாக 5,000 குறைகிறது. இப்படி ஆனால் இரண்டில் ஒன்று: எழுதியவர் கூட்டலில் தவறினார், அல்லது நான் போட்டோவைத் தப்பாகப் படித்தேன். எப்போதும் இரண்டாவதை முதலில் சந்தேகப்படுவது என் வழக்கம், ஏனென்றால் எழுதியவருக்கு அவர் கையெழுத்து தெரியும், எனக்குத் தெரியாது.

ஆயிரம் இடத்தில் மட்டும் 5 வித்தியாசம் என்றால் ஒரே ஓர் இலக்கம் மாறியிருக்கிறது. 8 என்பதை 3 என்று படித்தால் சரியாக 5 குறையும். பெரிதாக்கிப் பார்த்தேன், மேல் வரிசையில் போனின் நிழல் விழுந்த இடத்தில் ரொக்கம் 3,450 போலத் தெரிந்தது 8,450. பேனா மை மங்கி 8-இன் இடது வளைவு காணாமல் போயிருந்தது. அவ்வளவுதான், இது கணக்குப் பிழையே இல்லை, என் கண்ணின் பிழை.

போட்டோவில் ஏமாற்றும் இடங்கள் சில எப்போதும் ஒன்றே. நம் ஊரில் தொகைக்குப் பின்னால் 500/- என்று போடும் பழக்கம் இருக்கிறதே, அந்தச் சாய்கோடு படத்தில் 1 ஆகி 5001 என்று தெரியும். பென்சிலால் போட்ட டிக் குறியும் 1 ஆகும். நோட்டின் கோடு 0-வின் நடுவில் ஓடினால் அது 8 ஆகும். பைசாவுக்குத் தனிக் கட்டம் உள்ள பேரேட்டில் அந்தக் கட்டத்தின் கோடு மங்கிவிட்டால் 450.00 என்பது 45,000 ஆகிவிடும்.

தைத்த நோட்டு என்றால் இன்னொரு தொல்லை உண்டு. தையல் பக்கம் தாள் வளைந்து, இடப்பக்கத்துப் பெயரும் வலப்பக்கத்துத் தொகையும் ஒரு வரிசை தள்ளித் தெரியும். மேலே ஒரு பெயர் தொகை இல்லாமல் நிற்கும், கீழே ஒரு தொகை பெயர் இல்லாமல் நிற்கும், அதுதான் அடையாளம். இதனால் மொத்தம் மாறாது, ஆனால் வாடகைத் தொகையைச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு தேடுவீர்கள். அதனால் சந்தேகம் வந்தால் சங்கடப்படாமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்: நோட்டை மேசையில் தட்டையாக அழுத்தி, நேர் மேலே இருந்து, நாலு மூலையும் தெரிய, வாட்ஸாப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக. படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும், பெரிதாக்கும்போது இலக்கங்கள் கரைந்துவிடும்.

காகிதத்துக்குப் பதில் கம்ப்யூட்டரில் எக்செல் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புபவர்களும் உண்டு. அங்கே மற்ற எண்கள் வலப்பக்கம் ஒட்டியிருக்க, ஒரு எண் மட்டும் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது பெரும்பாலும் எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிந்திருக்கும், SUM அதைக் கூட்டாது. C9 இருக்கும் இடத்தில் சந்தேகப்படும் கட்டத்தின் பெயரைப் போட்டு இப்படிச் சோதிக்கச் சொல்லலாம், FALSE வந்தால் அதுதான் ஆள்:

```
=ISNUMBER(C9)
```

அறிகுறி: மொத்தங்கள் சரி, வித்தியாசம் 1, 10, 100, 1,000 என்று உருண்டையாக வருகிறது

கூட்டலில் கைமாற்று விட்டுப்போயிருக்கும். இருப்பாய்வின் கூட்டல் சரி என்று பார்த்துவிட்டோம், ஆகவே பேரேட்டிலோ விற்பனை ஏட்டிலோ கொள்முதல் ஏட்டிலோ ஒரு மொத்தம் தவறு. ஒரு பக்கத்தின் மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்து எழுதும் இடங்களை மட்டும் முதலில் படம் எடுக்கச் சொல்லுங்கள், அங்கேதான் பெரும்பாலும் அகப்படும்.

அறிகுறி: வித்தியாசத் தொகை அப்படியே ஒரு கணக்கின் இருப்பாக இருக்கிறது

ஒரு கணக்கை எடுத்து எழுத மறந்திருப்பார்கள். பேரேட்டில் எத்தனை கணக்கில் இருப்பு இருக்கிறது, இருப்பாய்வில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே போதும். அதிகம் விட்டுப்போவது ரொக்கமும் வங்கியும், ஏனென்றால் அவற்றின் இருப்பு ரொக்க ஏட்டில் இருக்கும், பேரேட்டைப் புரட்டிக்கொண்டே வருபவர் கண்ணில் படாது. மாணவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. கணக்கின் அடியில் சரிக்கட்டுதலில் கொடுத்த இறுதிச் சரக்கிருப்பைத் தூக்கி இருப்பாய்வில் பற்றில் போட்டுவிடுவார்கள். பற்று அதிகம், வித்தியாசம் இறுதிச் சரக்கிருப்புக்கு அச்சாகச் சமம் என்றால் வேறு எங்கும் தேடவே வேண்டாம்.

அறிகுறி: வித்தியாசம் இரட்டைப்படை, அதன் பாதி பட்டியலில் இருக்கிறது

பற்றில் இருக்க வேண்டிய 1,500 வரவில் போனால் பற்றில் 1,500 குறையும், வரவில் 1,500 கூடும், ஆக 3,000 வித்தியாசம். அதனால்தான் பாதியைத் தேடுகிறோம். தம்பியின் வித்தியாசம் 1,200, பாதி 600. பட்டியலில் 600 எங்கும் இல்லை. 1,200-ம் இல்லை. 9-ஆல் வகுத்தாலும் மீதி வருகிறது, அந்த 9 விஷயத்துக்குக் கீழே வருகிறேன். இரண்டு நாளாக அவன் மாட்டிக்கொண்டிருந்தது இங்கேதான், யாரோ சொல்லிக்கொடுத்த எல்லா விதியையும் போட்டுப் பார்த்திருக்கிறான், எதுவும் பொருந்தவில்லை.

எந்த விதியும் பொருந்தவில்லை என்பதே ஒரு அறிகுறி. ஒன்றுக்கு மேல் தப்பு இருக்கிறது, அவை ஒன்றையொன்று பாதி அழித்துக்கொண்டு நிற்கின்றன. அப்போது தொகையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பெயரை மட்டும் படியுங்கள். சொத்து, செலவு, எடுப்பு என்றால் பற்று. பொறுப்பு, வருமானம், முதல் என்றால் வரவு. பெயரைச் சொல்லிப் பக்கத்தைச் சொல்லி, பிறகு கையை எடுங்கள். எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் மூளை எண்ணையே பார்க்கும், பக்கத்தைப் பார்க்காது.

இந்த முறையில் பதினேழு வரிசைக்கு இரண்டு நிமிஷம் ஆகும். பதினாறாவது வரிசையில் அகப்பட்டது: அளித்த தள்ளுபடி. வாடிக்கையாளருக்கு நாம் விட்டுக்கொடுத்தது, நமக்கு நஷ்டம், பற்றில் வர வேண்டும். பெற்ற தள்ளுபடிக்குப் பக்கத்திலேயே எழுதியதால் இரண்டையும் ஜோடியாக வரவில் போட்டுவிட்டான். இந்த ஜோடிகளில்தான் எல்லோரும் சறுக்குவது: இரண்டு தள்ளுபடி, இரண்டு திருப்பம், கொடுத்த வட்டி பெற்ற வட்டி. வங்கி மேல்வரைப்பற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வங்கி என்ற பெயரைப் பார்த்ததும் கை தானாகப் பற்றுக்குப் போகும், ஆனால் அது பொறுப்பு, வரவுப் பக்கம். தள்ளுபடி என்று மொட்டையாக எழுதியிருந்தால் ஊகிக்காதீர்கள், கேட்டுவிடுங்கள்.

1,500-ஐப் பற்றுக்கு மாற்றினேன். பற்று 5,70,300, வரவு 5,68,500. வித்தியாசம் 1,200-லிருந்து 1,800 ஆகிவிட்டது, அதுவும் இப்போது பற்றுப் பக்கம் அதிகம். இந்த இடத்தில் நிறைய பேர் பயந்து, திருத்தியதை அழித்துப் பழையபடி எழுதிவிடுவார்கள். வித்தியாசம் பெரிதானதால் திருத்தம் தவறு என்று ஆகாது. வரவுப் பக்கம் 3,000 கூட்டும் ஒரு தப்பும், பற்றுப் பக்கம் 1,800 கூட்டும் இன்னொரு தப்பும் சேர்ந்து 1,200 என்று காட்டிக்கொண்டிருந்தன, ஒன்று போனதும் மற்றது தன் முழு உருவத்தில் நிற்கிறது.

ஒரு பொய்த் தடயம்

1,800 என்றதும் தம்பி துள்ளினான், "பெற்ற தள்ளுபடி 1,800 தானே அண்ணே, அதைத் தூக்கிடலாமா?" தூக்கக் கூடாது. தொகை ஒத்துப்போனால் போதாது, திசையும் ஒத்துப்போக வேண்டும். இப்போது பற்று அதிகம், வரவு குறைவு. பெற்ற தள்ளுபடி வரவில் சரியான இடத்தில்தான் இருக்கிறது, அதைத் தூக்கினால் வரவு இன்னும் குறைந்து வித்தியாசம் 3,600 ஆகும். சரி, தள்ளுபடிக் கணக்கில் எழுதிவிட்டு அந்தக் கடனீந்தோர் கணக்கில் பற்று வைக்க மறந்திருந்தால்? அப்படியானால் கடனீந்தோர் இருப்பு கூடுதலாக நின்று வரவுப் பக்கம் அதிகமாகியிருக்கும். நமக்கு நேர் எதிர். ஆகவே அந்த 1,800 தற்செயல். வித்தியாசத்தைத் துண்டுத்தாளில் குறிக்கும்போது வெறும் 1,800 என்று எழுதாமல் "பற்று 1,800 அதிகம்" என்று எழுதி வையுங்கள், இந்த மாதிரிப் பொறியில் விழ மாட்டீர்கள்.

அறிகுறி: வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது

1,800-ஐ 9-ஆல் வகுத்தால் 200. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறினால் இப்படி வரும். 79-ஐ 97 என்று எழுதினால் 18 கூடும், அது 9 பெருக்கல் 2, அந்த 2 என்பது 9-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம். இது எந்த இலக்கத்துக்கும் பொருந்தும். ஆகவே 200 என்ற ஈவு இரண்டு செய்தி சொல்கிறது: இடம் மாறியவை ஆயிரமும் நூறும், அந்த இரண்டு இலக்கத்துக்கும் இடையே 2 வித்தியாசம்.

திசையையும் சேருங்கள். பற்று அதிகம், ஆகவே பற்றில் ஒரு தொகை கூடுதலாக எழுதப்பட்டிருக்கலாம், அப்படியானால் அதில் ஆயிரத்தின் இலக்கம் நூறின் இலக்கத்தைவிட 2 பெரிதாக இருக்கும். அல்லது வரவில் ஒரு தொகை குறைத்து எழுதப்பட்டிருக்கலாம், அதில் ஆயிரம் 2 சிறிதாக இருக்கும். இந்த இரண்டு நிபந்தனையோடு பட்டியலை ஓட்டிப் பாருங்கள். பற்றில் 62,000, விற்பனைத் திருப்பம் 4,200, கடனாளிகள் 59,700. வரவில் விற்பனை 3,52,400. பதினேழு வரிசை நாலாகிவிட்டது. வங்கி 41,300-லும் 1-க்கும் 3-க்கும் இரண்டு வித்தியாசம்தான், ஆனால் அதைத் திருப்பினால் 43,100 ஆகிப் பற்று இன்னும் கூடும், திசை ஒத்துவரவில்லை, விட்டுவிடலாம்.

நாலுக்கும் மூலப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். போன வருஷ இறுதிச் சரக்கிருப்பு 62,000, சரி. விற்பனைத் திருப்ப ஏட்டின் மொத்தம் 4,200, சரி. விற்பனை ஏடும் சரி. கடனாளிகள் பட்டியலைத் தனித் தாளில் கூட்டி வைத்திருந்தான், அதில் அழகாக 57,900 என்று இருந்தது. இருப்பாய்வில் எடுத்து எழுதும்போது 59,700 ஆகிவிட்டது. திருத்தியதும் இரண்டு பக்கமும் 5,68,500.

9-ஆல் வகுபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பூஜ்ஜியம் கூடுவது அல்லது குறைவது. 36,000-ஐ 3,600 என்று எழுதினால் வித்தியாசம் 32,400, அதை 9-ஆல் வகுத்தால் 3,600, தப்பாக எழுதிய தொகையே நேராக வந்து நிற்கும். ஆகவே ஈவு பட்டியலில் அப்படியே இருந்தால் பூஜ்ஜியத்தைச் சந்தேகப்படுங்கள், 200 மாதிரி ஒற்றை இலக்கமும் பூஜ்ஜியங்களுமாக வந்தால் இடமாற்றத்தை. மேலே சொன்ன பைசாக் கட்டம் ஒட்டிப்போன கதையில் இரண்டு பூஜ்ஜியம் கூடுவதால் 99-ஆல் வகுபடும்: 45,000-க்கும் 450-க்கும் வித்தியாசம் 44,550, வகுத்தால் 450.

ஒன்று சொல்ல வேண்டும், 9-ஆல் வகுபட்டால் இடமாற்றம்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஒன்பதில் ஒரு எண் சும்மாவே 9-ஆல் வகுபடும். 18,000 வித்தியாசம் என்றால் 9,000-ஐப் பக்கம் மாற்றி எழுதினாலும் வரும். எது எளிதில் சரிபார்க்கக்கூடியதோ அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இத்தனைக்குப் பிறகும் இடிக்கிறது

அப்போது பின்னாலிருந்து முன்னால் போங்கள். முதலில் பேரேட்டின் ஒவ்வொரு இருப்பையும் இருப்பாய்வோடு டிக் போட்டு ஒத்துப்பாருங்கள். அடுத்து பேரேட்டுக் கணக்குகளின் கூட்டலையும், "இருப்பு கீ/இ" என்று இறக்கிய தொகை "இருப்பு கீ/கொ" என்று அப்படியே வந்திருக்கிறதா என்பதையும். அதற்கடுத்து துணை ஏடுகளின் மொத்தம். எல்லாம் சரி என்றால்தான் குறிப்பேட்டிலிருந்து ஒவ்வொரு பதிவாக. போட்டோவில் இதைச் செய்வது நரகம், இருபது படம் மாறி மாறிப் பார்க்க வேண்டிவரும், அந்தக் கட்டத்தில் நான் நோட்டையே எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிடுவேன்.

நேரமில்லை, நாளை ஆடிட்டரிடம் போக வேண்டும் என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் குறைவான பக்கம் போட்டுத் தற்காலிகமாகச் சமன் செய்யலாம். ஆனால் தம்பியின் 1,200-ஐ அப்படிப் பற்றில் போட்டிருந்தால் சின்னத் தொகைதானே என்று தோன்றியிருக்கும், அதற்குள் 3,000-ம் 1,800-ம் ஒளிந்திருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

டேலி ஆன பிறகும் இரண்டு வரிசையைக் கேட்டேன், வாடகை 36,000, சம்பளம் 48,000. மாதம் 3,000-மும் 4,000-மும், பன்னிரண்டு மாதத்துக்குச் சரியாக இருக்கிறது. இதை எதற்குக் கேட்டேன் என்றால், வாடகைச் சீட்டு ஒன்றைப் பதியவே மறந்திருந்தால் பற்றும் வரவும் இரண்டுமே இல்லாமல் போய் இருப்பாய்வு சமமாகவே நிற்கும். வாடகையைத் தவறிச் சம்பளத்தில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். அந்த மாதிரித் தப்பை எந்த வித்தியாசமும் காட்டாது, மாதக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்ப்பது போன்ற சின்னச் சோதனைதான் கைகொடுக்கும்.

கடைசியாகத் திருத்திய பக்கத்தை அனுப்பினான். 59,700-ஐ வைட்னரால் அழித்து மேலே எழுதியிருந்தான். படத்தில் அது 57,900-ஆ 51,900-ஆ என்று எனக்குப் புரியவே இல்லை. ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு பக்கத்தில் எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி மறுபடி போட்டோ எடுக்கச் சொன்னேன்.